பழைய கேசட்டில் சோகம் பதியாது என்கிறார்கள், எது பதியும்? (சிறுகதை வரைவு)

சிந்துபூந்துறை

ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே இடத்தில் வண்டி நிற்கிறது, தள்ளிவிட ஆள் வேண்டும்.

முக்கூடல் பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளி, 1996. ஐந்தாம் வகுப்பு. ஆசிரியப் பயிற்சிக்குக் காட்டுவதற்காக ஒரு வாத்தியார் பாடம் நடத்துவதை வீடியோ எடுக்கிறார்கள். ஜூலையில் ஒன்று, நவம்பரில் ஒன்று, பிப்ரவரியில் ஒன்று, ஆக மூன்று விஎச்எஸ் கேசட். அப்போது அவருக்கு 50 வயது. 60 முடிந்து 2006-ல் ஓய்வு பெறுகிறார். இப்போது பாளையங்கோட்டையில் மகன் வீட்டில் இருக்கிறார். பேரன் அந்த கேசட்டுகளைக் கணினியில் ஏற்றித் தருகிறான். தன் பழைய குரலைக் கேட்கிற ஆசையில் உட்கார்ந்தவர், மூன்றாம் வரிசையில் இருக்கும் பேச்சியம்மாளைப் பார்க்கிறார். வாயே திறக்காத பிள்ளை. அவளுக்குள் ஏதோ தடுமாற்றம் இருந்தது 28 வருஷம் கழித்து அவருக்குப் புரிகிறது.

அந்த 'ஏதோ' என்ன என்பதுதான் என் சிக்கல். வரைவில் "அவள் கண்களில் ஒரு சோகம் உறைந்திருந்தது" என்று எழுதியிருந்தேன். படித்த நண்பர், "சோகமெல்லாம் கேசட்ல பதியாதுவே, வேற ஏதாச்சும் சொல்லும்" என்று திருப்பித் தந்துவிட்டார். சரி, எது பதியும்?

மேலரதவீதி

கண் பார்வைக் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்தது. கண்ணை இடுக்குவாள், பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவாள், போர்டுக்குப் பக்கத்தில் போய் நிற்பாள். எல்லாமே கேமராவில் விழும்.

கேசட் கடை

விழும், கேமரா எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து. அண்ணாச்சி வரைவில் அதைச் சொல்லவே இல்லை.

பாடம் நடத்துவதை எடுக்க வருகிறவர் கடைசி வரிசைக்குப் பின்னால், சுவரோரமாக ஸ்டாண்டைப் போடுவார். வாத்தியாரும் போர்டும்தான் படத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். அங்கிருந்து பார்த்தால் பிள்ளைகளின் பிடரியும் இரட்டைச் சடையும்தான் தெரியும். கண்ணை இடுக்குவதும் தெரியாது, கண்ணில் உறைந்த சோகமும் தெரியாது.

ஆனால் 1996-ல் அந்தப் பக்கம் கேமரா வைத்திருந்தவர் யார்? கல்யாண வீட்டு வீடியோக்காரர்தான். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. தாலி கட்டி முடிந்ததும் பந்தலில் இருக்கிறவர்களை முகம் முகமாகக் காட்டிக்கொண்டு போவாரே, அதையேதான் வகுப்பிலும் செய்வார். பாடம் சலிப்புத் தட்டினால் கேமராவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்பக்க மூலைக்கு வந்து, ஒரு முகத்துக்கு இரண்டு மூன்று விநாடி என்று வரிசையாக நகர்த்துவார். உங்கள் வாத்தியாருக்கு அந்தப் பிள்ளையின் முகம் அப்படித்தான் கிடைக்கும், துண்டு துண்டாக. மீதி நேரமெல்லாம் பின்னந்தலை. இந்தக் கட்டுப்பாடு கதைக்கு நல்லது என்பது என் எண்ணம். ஒரு மணி நேரமும் அவள் முகத்தையே படம் பிடித்து வைத்திருந்தால் வாத்தியாருக்குக் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது?

முக்கூடல்காரி

முக்கூடல் என்று எழுதிவிட்டுப் பீடியை விட்டுவிட்டீர்களே. அந்தக் காலத்தில் பொம்பளைப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவோடு உட்கார்ந்துவிடும். இலை வெட்ட, தூள் போட்டுச் சுருட்ட, தலை மடக்க என்று ராத்திரி பத்து மணியாகும். மறுநாள் வகுப்பில் அந்தப் பிள்ளை பேசாமல்தான் இருக்கும். அது தூக்கம். காது, கண் என்று தேட வேண்டாம்.

செவிப்பறை

பீடி வேலை இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் தூங்கி வழிகிற பிள்ளையை எந்த வாத்தியாருக்கும் அன்றைக்கே தெரிந்துவிடும், இமை சொருகும், தலை ஆடும். 28 வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. கண் பார்வையும் அப்படித்தான், போர்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிற பிள்ளை கண்ணில் படாமல் போகாது. இந்தக் கதைக்கு வேண்டியது நேரில் நல்ல குணமாகத் தெரிந்து, கேசட்டில் வேறாகத் தெரிகிற ஒன்று. அதற்குப் பொருத்தமானது காதுதான், குறிப்பாகச் சீழ் வடிகிற காது.

செவிப்பறையில் ஓட்டை விழுந்து, சளி பிடித்தாலோ குளிக்கும்போது தண்ணீர் போனாலோ சீழ் வடிகிற பிள்ளைகள் ஆற்றங்கரை ஊர்களில் அன்றைக்கு நிறைய. இந்த வகையில் உள்காதும் நரம்பும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சத்தம் உள்ளே போகிற வழிதான் அடைந்திருக்கும். கவனமாகப் பார்த்தால் இந்தக் கதைக்கு வேண்டிய இரண்டு விஷயம் அதிலேயே இருக்கிறது.

ஒன்று, அவள் ஏன் 'அமைதியான பிள்ளை' என்பது. இரண்டு காதையும் விரலால் இறுக்கி அடைத்துக்கொண்டு உங்கள் பெயரைச் சொல்லிப் பாருங்கள். மண்டைக்குள் கணீரென்று கேட்கும். வெளிச் சத்தம் வராது, ஆனால் சொந்தக் குரல் எலும்பு வழியாக உள்ளே போய்விடுகிறது. உடனே உங்களை அறியாமல் குரலைத் தாழ்த்துவீர்கள். இந்தப் பிள்ளைக்கு நாள் முழுக்க அப்படித்தான். அவள் தன் கணக்கில் சத்தமாகத்தான் பதில் சொல்கிறாள். வெளியே அது முணுமுணுப்பாக வருகிறது. நரம்புக் கோளாறால் கேட்காதவர்கள் நேர் எதிர், கத்திப் பேசுவார்கள். காது மந்தம் என்றால் சத்தமாகப் பேசுவார்கள் என்றே ஊரில் நினைப்பு, அதனால் மெதுவாகப் பேசுகிற பிள்ளையின் காதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

இரண்டாவது, கேட்காத பிள்ளை வகுப்பிலேயே அதிகக் கவனமான பிள்ளையாகத் தெரியும். வாத்தியார் வாயைவிட்டுக் கண்ணை எடுக்காது. எடுத்தால் பாடம் போச்சு.

சிந்துபூந்துறை

காதை விரலால் அடைத்துச் சொல்லிப் பார்த்தேன். கதை கிடைத்துவிட்டது போலிருக்கிறது. அப்படியானால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்பது, மெதுவாகப் பேசுவது இரண்டையும் அவளுக்குக் கொடுத்துவிடலாமா?

செவிப்பறை

பார்த்துக் கொடுங்கள். ஒரு காது மட்டும் கெட்டிருந்தால் தலை திரும்பும், ஆனால் மற்றக் காது சரியாக இருப்பதால் குரல் தாழாது. குரல் தாழ வேண்டுமானால் இரண்டு காதிலும் குறை இருக்க வேண்டும். இரண்டிலும் ஓட்டை, வலது காது கொஞ்சம் தேவலை என்று வைத்தால் இரண்டு அடையாளமும் பொருந்தும். அவளை வகுப்பின் வலது ஓரத்தில், சுவரை ஒட்டி உட்காரவைத்துவிட்டால் தேவலையான காது சுவரைப் பார்த்திருக்கும். இடம் மாற்றியிருந்தாலே பாதி தீர்ந்திருக்கும் என்று வாத்தியார் பிற்பாடு கணக்குப் போடலாம்.

பொதிகைச் சாரல்

நல்ல தகவல். எங்கள் பேத்திக்கு ஏழு வயது, இடது காதில் அடிக்கடி சீ வடிகிறது. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டால் நிற்குமா? கதையில் அந்த வைத்தியமும் வருமா?

செவிப்பறை

அம்மா, எண்ணெய் விடவே கூடாது, ஓட்டை வழியாக உள்ளே போய்ப் புண்ணைக் கிளறும். குளிக்கும்போது பஞ்சில் வாசலின் தடவி காதில் வைத்துத் தண்ணீர் போகாமல் பாருங்கள். இந்த வாரமே ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டிவிடுங்கள். கதைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கரும்பலகை

முதலில் ஒரு திருத்தம். தமிழ்நாட்டில் அப்போது ஆசிரியர் ஓய்வு வயது 58. 2020-ல்தான் 59 ஆக்கி, அடுத்த வருஷம் 60 ஆக்கினார்கள். 1996-ல் 50 வயது என்றால் உங்கள் வாத்தியார் 2004-ல் ஓய்வு பெற்றிருப்பார், கல்வியாண்டு நடுவில் பிறந்தநாள் வந்திருந்தால் ஆண்டுக் கடைசி வரை வைத்திருப்பார்கள். இந்தப் பிழையை எந்த வாத்தியார் படித்தாலும் அங்கேயே கதையை மூடிவிடுவார்.

அடுத்தது இடம். ஓட்டுக் கட்டடம், நீளமான ஒரே ஹால், நடுவில் ஸ்டாண்டு போர்டு ஒன்றை மறைப்பாக நிறுத்தி இந்தப் பக்கம் அஞ்சு, அந்தப் பக்கம் நாலு. நாலாம் வகுப்பு வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருக்கும். இதைக் கதையில் கொண்டுவாருங்கள். லேசாகக் காது குறைந்த பிள்ளை அமைதியான இடத்தில் சமாளித்துவிடும், 'ஏழெட்டு அம்பத்தாறு' பின்னால் ஓடும்போதுதான் அதற்குப் பாடம் கலங்கும்.

மூன்றாவதுதான் முக்கியம், வாத்தியாரின் முதுகு. நம்மில் பாதிப் பேர் போர்டில் எழுதிக்கொண்டே பேசுவோம். முகம் போர்டைப் பார்க்கும், குரல் போர்டில் முட்டித்தான் வகுப்புக்கு வரும். உதட்டைப் பார்த்துச் சமாளிக்கிற பிள்ளைக்கு அந்த நேரத்தில் உதடும் இல்லை, குரலும் இல்லை. உங்கள் வாத்தியார் கேசட்டில் பார்க்க வேண்டியது இதைத்தான். அவர் முதுகைக் காட்டும்போதெல்லாம் அவள் என்ன செய்கிறாள்? பின்பக்கக் கேமராவிலேயே தெரியும். தலை பக்கத்துப் பிள்ளையின் நோட்டுக்குத் திரும்பும்.

மேலரதவீதி

வாத்தியார் போர்டில் எழுதும்போது எந்தப் பிள்ளைதான் பக்கத்தில் பார்க்காது? அது காப்பி அடிப்பதுதானே. இதைவிட நல்ல அடையாளம், டிக்டேஷன் நோட்டு. 'வாழை'யை 'வாளை' என்று எழுதியிருப்பாள். சரியாகக் கேட்டிருந்தால் ழ வந்திருக்கும்.

கரும்பலகை

இங்கே வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்று சொல்லாத வீடு எது அண்ணாச்சி? சொல்கிற வாத்தியாரே அப்படிச் சொல்லியிருப்பார். ழ-ள, ர-ற, ன-ண எல்லாம் வகுப்பு மொத்தமும் செய்கிற பிழை, எதற்கும் தடயமாகாது.

நோட்டு என்ற யோசனை சரி, எழுத்துதான் தப்பு. காதில் பாதியும் உதட்டில் பாதியுமாகப் பிடிக்கிற பிள்ளை, உதட்டில் ஒன்றுபோலத் தெரிகிறதை மாற்றும். ப, ம இரண்டுக்கும் உதடு மூடித் திறப்பது ஒரே மாதிரி. 'பாடம்' சொன்னால் 'மாடம்' என்று எழுதுவாள், 'பரம்பு'க்கு 'மரம்பு' என்று இல்லாத சொல்லைக்கூட எழுதுவாள். நன்றாகக் கேட்கிற பிள்ளை இந்தப் பிழையைச் செய்யாது. ஆனால் 28 வருஷம் முந்திய டிக்டேஷன் நோட்டு வாத்தியார் கையில் இருக்காது, அப்போதே பழைய பேப்பருக்குப் போயிருக்கும். போர்டில் அவளை எழுத வைத்தது கேசட்டில் இருந்தால் உண்டு.

நீங்கள் சொன்ன முதல் விஷயத்துக்கு வருகிறேன். எல்லாப் பிள்ளையும் பக்கத்தில் பார்க்கும் என்பது உண்மை. ஆகவே வாத்தியார் அவளை மட்டும் எண்ணினால் போதாது, அதே பெஞ்சில் இன்னொரு பிள்ளையையும் எண்ண வேண்டும். அவர் வாயால் மட்டும் சொல்லிப் போர்டில் எழுதாத இடங்களாகப் பொறுக்க வேண்டும். அதில் இரண்டு வகை, முகம் காட்டிச் சொன்னது, முதுகு காட்டிச் சொன்னது. மற்றப் பிள்ளை இரண்டிலும் ஒன்றுபோல எழுதி, இவள் மட்டும் முதுகு காட்டிய இடங்களில் நோட்டைப் பார்த்த பிறகே எழுதினால் அது காப்பி இல்லை. காப்பி அடிக்கிற பிள்ளை இரண்டு வகையிலும் அடிக்கும்.

கேசட் கடை

வாத்தியார் இப்படி எண்ண உட்காருவாரானால் பேரன் மூன்று வேலை செய்திருக்க வேண்டும்.

கேசட்டைப் போடுவதற்கு முன்னால் அதன் கண்ணாடி வழியாக நாடாவின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளையாகப் பவுடர் மாதிரி பூத்திருந்தால் பூஞ்சை. அப்படியே போட்டால் விசிஆரின் ஹெட்டில் அப்பி, அடுத்துப் போடுகிற கேசட்டுக்கும் ஏறும். இதைத் துடைத்துத் தருகிறவர்கள் உண்டு, கதையில் ஒரு வரி போதும்.

அடுத்து, விஎச்எஸ் படம் விநாடிக்கு 25 என்று சொல்வார்கள், உண்மையில் ஒவ்வொன்றும் வேறு வேறு கணத்தில் எடுத்த இரண்டு பாதிகள். கணினியில் அப்படியே பார்த்தால் அசைகிற கையும் திரும்புகிற தலையும் சீப்புப் பல் மாதிரி கிழிந்து தெரியும். பேரன் இதைப் போட்டால் பாதிகள் பிரிந்து விநாடிக்கு 50 படமாகிவிடும், தலை எப்போது திரும்பியது என்பது தெளிவாகத் தெரியும்:

```
ffmpeg -i vakuppu.avi -vf yadif=1 -c:v libx264 -crf 18 -c:a aac vakuppu.mp4
```

மூன்றாவதில்தான் பலர் ஏமாறுவார்கள். மலிவான யுஎஸ்பி பெட்டியில் ஏற்றினால் ஒரு மணி நேரக் கேசட்டில் குரலும் படமும் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போகும். கேசட்டின் கடைசியில் ஒரு விநாடி கூட வித்தியாசம் வரலாம். வாத்தியார் "சொன்ன பிறகு ரெண்டு விநாடி கழித்துத்தான் எழுதுகிறாள்" என்று கண்டுபிடித்தால், அதில் பாதி பெட்டியின் தாமதமாக இருக்கலாம். டஸ்டரை மேஜையில் தட்டுகிற இடம் ஒன்று தொடக்கத்திலும் ஒன்று கடைசியிலும் பார்த்து, தட்டுவதும் சத்தமும் ஒன்றாக வருகிறதா என்று சரிபார்க்க வேண்டும். கணக்கு வாத்தியாராக இருந்தால் இதை அவரே யோசித்துவிடுவார்.

சிந்துபூந்துறை

கணக்கு வாத்தியார்தான். ஆனால் இன்னும் ஒரு முடிச்சு. அவள் முணுமுணுத்தது அன்றைக்கு வகுப்பில் நின்ற வாத்தியாருக்கே கேட்கவில்லை. கேசட்டில் எப்படிக் கேட்கும்? கேமராவின் மைக் அவர் காதைவிட நல்லதா?

கேசட் கடை

நல்லதில்லை, ஆனால் விடாப்பிடியானது. அந்தக் கேமராக்களில் சத்தத்தின் அளவைத் தானே சரிசெய்துகொள்கிற அமைப்பு இருந்தது. வாத்தியார் கணீரென்று பேசினால் மைக்கைத் தணித்துக்கொள்ளும். அவர் நிறுத்தினால் சில விநாடிகளில் மெல்ல மெல்லத் தூக்கும், வெளியே காக்கா கரைவது, ஓட்டில் காற்று, நாலாம் வகுப்பு வாய்ப்பாடு எல்லாம் பெரிதாகிக்கொண்டே வரும். அந்த நேரத்தில் மூன்றாம் வரிசையில் யாராவது முணுமுணுத்தால் அதையும் தூக்கிக் காட்டும். அன்றைக்கு அவர் காது அப்படித் தூக்கிக் கொடுக்கவில்லை.

ஆனால் இரண்டு நிபந்தனை. கேமரா முன்பக்க மூலையில் நிற்கிற நேரமாக இருக்க வேண்டும், பின்சுவரில் நின்றால் குரல் போய்ச் சேராது. இன்னொன்று, கேள்வி கேட்டபின் வாத்தியார் மூன்று நான்கு விநாடியாவது பேசாமல் காத்திருக்க வேண்டும். கேட்ட வேகத்தில் "அடுத்து நீ சொல்லு" என்று தாண்டுகிறவர் என்றால் மைக் தூக்குவதற்குள் வாய்ப்பு போய்விடும். உங்கள் வாத்தியார் எப்படிப்பட்டவர்?

சிந்துபூந்துறை

பொறுமையானவர் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால் பொறுமை இருந்தும் கேட்காமல் போனது என்பது இன்னும் கடுமையாக இருக்கிறது. இன்று ராத்திரி மாற்றி எழுதியதைப் போடுகிறேன், குறை சொல்லுங்கள்:

*பிப்ரவரி கேசட்டில் அவள் இரண்டு முறை எழுந்து பதில் சொன்னாள். குரல் சிறிதுதான், ஆனாலும் கேட்டது. அதனால் நவம்பர் கேசட்டை அவர் சும்மாதான் போட்டார். மழைநாள், வகுப்பு இருட்டாக இருந்தது. வீடியோக்காரர் கதவோரம் வந்து நின்றிருந்தார். "ஒரு குடம் ஏழு லிட்டர் பிடிக்கும். எட்டுக் குடம்?" அவருடைய குரல்தான். அவர் போர்டைப் பார்க்கவில்லை, வகுப்பைப் பார்த்தே கேட்டிருந்தார். அவள் எழுந்தாள். அவர் காத்திருந்தார். மழை ஓட்டில் விழுகிற சத்தம் பெரிதாகியது. அதற்குள்ளிருந்து "அம்பத்தாறு" என்றது. அவர் கையிலிருந்த ஸ்கேலைத் தட்டி, "வாய்ல என்னட்டி கொளுக்கட்டையா? இரி. மாரியப்பா, நீ சொல்லு" என்றார். மாரியப்பன் ஐம்பத்தாறு என்று கத்தினான். "சபாஷ்" என்றார். அவள் பெஞ்சில் உட்கார்ந்து, மாரியப்பன் சொன்னதை நோட்டில் எழுதினாள். ஏற்கெனவே எழுதியிருந்ததை அடித்துவிட்டு, அதையே திரும்ப எழுதினாள்.*

முக்கூடல்காரி

அடித்துவிட்டு அதையே எழுதினாள் என்பது முன்பக்கக் கேமராவில் தெரியுமா? நோட்டு சாய்ந்து கிடக்குமே. பென்சில் குறுக்கே போய் வந்த அசைவு மட்டும்தான் தெரியும். என்ன எழுதினாள் என்பதை வாத்தியார் ஊகித்ததாக எழுதுங்கள். பிள்ளையின் பெயரையும் மாற்றிவிடுங்கள். பேசாத பிள்ளைக்குப் பேச்சியம்மாள் என்று வைத்தால் சொடுக்குப் போட்டுக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. இசக்கி போதும்.

செவிப்பறை

பிப்ரவரியில் தேவலை, நவம்பரில் மோசம் என்பது சரி. ஐப்பசி கார்த்திகையில் சளியும் ஈரமுமாகக் காது வடிந்துகொண்டிருக்கும், தையில் காய்ந்துவிட்டால் கொஞ்சம் ஏறும். ஓட்டை மூடாத வரை முழுக்கச் சரியாகாது, ஆகவே பிப்ரவரியிலும் குரல் சிறிதாக வைத்தது நல்லது. ஒரு குறை உண்டு. மழைச் சத்தத்தில் அவளுக்குக் கேள்வி எப்படிக் கேட்டது? அவர் முகத்தைப் பார்த்தாள் என்று ஒரு வார்த்தை வேண்டும். அப்புறம் முதுகு காட்டிய இடமும் ஒன்று வந்தால்தான் இரண்டும் சேரும்.

மேலரதவீதி

இதெல்லாம் சரி, கடைசியில் வாத்தியார் அவளைத் தேடிப் போகிறாரா இல்லையா? பாளையங்கோட்டையிலேயே நூறு வருஷத்துக்கு மேலாகக் காது கேளாதோர் பள்ளி நடக்கிறது. அங்கே போய் விசாரிக்கிறார் என்று முடிக்கலாமே.

கரும்பலகை

அந்தப் பள்ளி காது கேளாத பிள்ளைகளுக்கு. இவளுக்கு வேண்டியிருந்தது முன்பெஞ்சும் ஒரு காது டாக்டரும். அங்கே போய் நின்றால், வாத்தியாருக்கு இன்னும் புரியவில்லை என்றாகிவிடும். அப்படியே ஒரு கதை எழுதலாம், ஆனால் அது வேறு கதை.

மேலரதவீதி

தேடாமல் விட்டால் படிக்கிறவனுக்கு ஆறாது அண்ணாச்சி.

சிந்துபூந்துறை

அதை இன்னும் முடிவு செய்யவில்லை. இப்போதைக்கு ஜூலை கேசட் பாக்கி இருக்கிறது, அதில்தான் முதுகு காட்டுகிற காட்சி. ஆனிச் சாரல் காற்று மைக்கில் அடிக்குமே, அப்போதும் முணுமுணுப்பு கேட்குமா?

கேசட் கடை

கேட்காது. காற்று மைக்கில் மோதினால் மடமடவென்று அதுதான் பதியும், மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். ஜூலைக்குப் படத்தை மட்டும் நம்புங்கள். தலை திரும்புவதை எண்ணட்டும்.